லேப்டாப் ஆன் ஆகாதபோது எதை முதலில் பார்ப்பது?

பவர் பட்டனை அழுத்தியும் திரை கறுப்பாகவே இருக்கிறது என்றால், பழுது மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும். மின்சாரம் லேப்டாப்புக்குள் போய்ச் சேராமல் இருக்கலாம். மின்சாரம் சேர்ந்து, உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டிருந்தும் திரைக்குப் படம் வராமல் இருக்கலாம். அல்லது நிறுவனத்தின் சின்னம் வரை படம் வந்து, விண்டோஸ் தொடங்க வேண்டிய இடத்தில் மறைந்துபோகலாம். பயன்படுத்துபவர் கண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான், கறுப்புத் திரை. ஆனால் முதலாவதற்கு ஒரு சார்ஜர் போதும். மூன்றாவதற்குச் செலவே இல்லாமல் தீர்வு கிடைக்கலாம். எது என்று தெரியாமல் கடைக்குக் கொண்டுபோனால், தேவையில்லாமல் திரையையோ மதர்போர்டையோ மாற்றிவிட்டு வர நேரிடும்.

பட்டனை அழுத்தியதும் உள்ளே நடப்பது ஒரு வரிசை. லேப்டாப்பை அணைத்து வைத்திருக்கும்போதும், மதர்போர்டில் ஒரு சிறிய கட்டுப்பாட்டுச் சில்லு பேட்டரியிலிருந்து துளி மின்சாரம் எடுத்துக்கொண்டு விழித்தே இருக்கும். பட்டன் அழுத்தப்படுவதைக் கவனிப்பது அந்தச் சில்லுதான். அது பேட்டரியும் சார்ஜரும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, மற்ற பகுதிகளுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும். அதன் பிறகு பிராசசர் விழித்து, பயாஸ் என்ற ஆரம்ப நிரலைப் படித்து, ரேம் இருக்கிறதா என்று சோதிக்கும். ரேம் சரியாக இருந்தால்தான் திரையில் முதல் படமே வரும். கடைசியாக எஸ்எஸ்டியில் இருக்கும் விண்டோஸ் ஏறும். இந்த வரிசை எந்த இடத்தில் நின்றுபோனது என்று கண்டுபிடிப்பதே சோதனையின் நோக்கம். கழற்றுவதற்கு முன் செய்யும் எல்லாச் சோதனைகளும் அதைத்தான் கேட்கின்றன.

ஆரம்பிக்கும் முன் இரண்டு விஷயங்களை உறுதிசெய்துகொள்ள வேண்டும். தண்ணீரோ காபியோ சிந்தியிருந்தால், கருகிய வாடை வந்தால், எந்தச் சோதனையும் கூடாது. சார்ஜரைப் பிடுங்கி, லேப்டாப்பை அணைத்து, ஆன் செய்து பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். ஈரத்தோடு மின்சாரம் ஓடினால் தப்பிக்கக்கூடிய மதர்போர்டும் அரித்துப்போகும். அடுத்தது, பேட்டரி வீங்கியிருக்கிறதா என்பது. டச்பேட் மேலே தூக்கிக்கொண்டிருந்தால், மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடினால், கீழ்மூடி பிளந்தாற்போல் இருந்தால் சார்ஜ் போடக்கூடாது. வீங்கிய பேட்டரியை அழுத்துவதும் நெம்புவதும் தீயில் முடியலாம்.

இவை இல்லை என்றால், அறையை இருட்டாக்கி, ஃபேனை நிறுத்தி, பட்டனை ஒருமுறை அழுத்திவிட்டு அரை நிமிடம் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருக்க வேண்டும். சார்ஜர் செருகும் இடத்தின் விளக்கு எரிகிறதா, பவர் விளக்கு எரிகிறதா, உள்ளே விசிறி சுற்றும் சத்தம் வருகிறதா, கீபோர்டு விளக்கு வருகிறதா என்று கவனிக்க வேண்டும். பிறகு Caps Lock விசையை நாலைந்து முறை அழுத்திப் பார்க்கலாம். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அதன் விளக்கு எரிந்து அணைந்தால், உள்ளே கம்ப்யூட்டர் வேலை செய்துகொண்டிருக்கிறது. திரையில் மட்டும்தான் தெரியவில்லை. விளக்கு அசையவில்லை என்றால் வரிசை அதற்கு முன்பே எங்கோ நின்றுவிட்டது. இந்த ஒரு விசை பாதிச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

எந்த விளக்கும் இல்லை, எந்தச் சத்தமும் இல்லை என்றால் சந்தேகம் மின்சாரத்தின் மேல்தான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை விட்டுவிட்டு, செல்போன் சார்ஜ் ஆகும் என்று உறுதியாகத் தெரிந்த சுவர் பிளக்கில் சார்ஜரை நேராகச் செருக வேண்டும். சார்ஜரின் நடுவில் இருக்கும் பெட்டிக்குள் செருகும் சுவர் வயர் பல வீடுகளில் தளர்ந்தே கிடக்கும். அதைக் கழற்றி அழுத்திச் செருகினாலே சிலருக்கு வேலை முடிந்துவிடும். லேப்டாப் பக்கம் செருகும் முனையை லேசாக அசைத்துப் பார்க்கும்போது விளக்கு மின்னி மறைந்தால், பழுது அந்தத் துளையிலோ வயரின் கழுத்திலோ இருக்கிறது. துளையைத் தனி உறுப்பாக மாற்றும் மாடல்கள் உண்டு; மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருக்கும் மாடல்களில் கொஞ்சம் கூடுதல் வேலை.

உருளை முனை கொண்ட பழைய வகை சார்ஜரை மல்டிமீட்டரால் சோதிக்கலாம். பெட்டியில் 19.5 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால், முனையின் உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் இடையே ஏறக்குறைய அதே அளவு காட்ட வேண்டும். பூஜ்யம் காட்டினாலும், ஏறி இறங்கி ஆடினாலும் சார்ஜர்தான் போயிருக்கிறது. ஆனால் சரியான அளவு காட்டுவதாலேயே சார்ஜர் நன்றாக இருக்கிறது என்று தீர்மானித்துவிட முடியாது. மல்டிமீட்டர் மின்சாரத்தை ஏறக்குறைய எடுப்பதே இல்லை. லேப்டாப் இழுக்கும்போது சரிந்துவிடும் சார்ஜர்களும் மீட்டரில் ஒழுங்காகவே காட்டும். சில நிறுவனங்களின் முனையில் நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். சார்ஜரின் திறன் எத்தனை வாட் என்று லேப்டாப்புக்குச் சொல்வது அது. அது வளைந்தோ உடைந்தோ போனால் லேப்டாப் ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது.

யுஎஸ்பி-சி சார்ஜர் இப்படி மீட்டருக்குப் பிடிபடாது. அது எதிரே ஒரு கருவி செருகப்பட்டிருப்பதை உணர்ந்த பிறகே மின்சாரம் தரும். அப்போதும் முதலில் 5 வோல்ட்தான். இரண்டு பக்கமும் பேசி ஒத்துக்கொண்ட பின்னரே 20 வோல்ட் வரை ஏறும். அதனால்தான் செல்போன் சார்ஜர் முனை பொருந்தினாலும், பல லேப்டாப்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. இந்த வகையில் 45 அல்லது 65 வாட் தரக்கூடிய வேறு லேப்டாப் சார்ஜரையும், அதற்கேற்ற கேபிளையும் கடன் வாங்கிச் செருகிப் பார்ப்பதே வழி. லேப்டாப்பில் இரண்டு யுஎஸ்பி-சி துளைகள் இருந்தால் இரண்டிலும் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் சார்ஜ் வாங்கும் மாடல்களும் இருக்கின்றன.

பல மாதம் அலமாரியில் கிடந்த லேப்டாப்புக்குக் கொஞ்சம் பொறுமை தேவை. பேட்டரி முழுதாக வற்றியிருந்தால், சார்ஜர் செருகியதும் அது விழித்துக்கொள்ளாது. அரை மணி நேரம் அப்படியே விட்டுவிட்டுப் பிறகு பட்டனை அழுத்த வேண்டும்.

சார்ஜர் நல்லது என்று தெரிந்தும் அசைவில்லை என்றால், செலவில்லாத அடுத்த சிகிச்சை மிச்ச மின்சாரத்தை வடியவிடுவது. மேலே சொன்ன கட்டுப்பாட்டுச் சில்லும் ஒரு சிறிய கம்ப்யூட்டர்தான். அதுவும் ஹேங் ஆகும். மின்னல், மின் ஏற்ற இறக்கம், தூக்க நிலையிலிருந்து பாதியில் எழுந்தது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அது ஹேங் ஆகிவிட்டால் பட்டனைக் கவனிக்க ஆளில்லை. பேட்டரி இணைந்தே இருப்பதால், சார்ஜரைப் பிடுங்கினாலும் அது அணைவதில்லை. எனவே சார்ஜரையும், பென் டிரைவ், மவுஸ், மெமரி கார்டு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். வெளியே எடுக்கக்கூடிய பேட்டரி என்றால் அதையும் எடுத்துவிட வேண்டும். பிறகு பவர் பட்டனை 30 விநாடி விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். சில மாடல்கள் ஒரு நிமிடம் வரை கேட்கும். அதன் பிறகு சார்ஜரை மட்டும் செருகி, சாதாரணமாக ஒருமுறை அழுத்த வேண்டும். பேட்டரி உள்ளேயே பூட்டியிருக்கும் மாடல்களிலும் இந்த நீண்ட அழுத்தம் பெரும்பாலும் சில்லை மறுபடி தொடங்க வைத்துவிடும். லெனோவோவின் பல திங்க்பேட் மாடல்களில் அடிப்பகுதியில் ஓர் ஊசித்துளை இருக்கும். சார்ஜரைக் கழற்றிவிட்டு, விரித்த பேப்பர் கிளிப்பால் அதை மெதுவாக அழுத்தினால் அதே வேலை நடக்கும். செத்துவிட்டது என்று கைவிடப்பட்ட லேப்டாப்கள் பல இந்த ஒரு படியில் எழுந்துவிடுவதால், இதைச் செய்யாமல் ஸ்குரூ டிரைவரை எடுக்கக் கூடாது.

விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் கேள்வி மாறுகிறது. படம் உருவாகவே இல்லையா, உருவாகிய படம் திரைக்கு வரவில்லையா? முதலில் வெளிச்சத்தைக் கூட்டும் விசையைப் பல முறை அழுத்திப் பார்க்க வேண்டும். குறைந்தபட்ச வெளிச்சத்தில் பகல் நேரத்தில் சில திரைகள் அணைந்ததுபோலவே இருக்கும். அடுத்து, டார்ச் சோதனை. இருட்டறையில் செல்போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில், சாய்வாகப் பிடித்து மெல்ல நகர்த்த வேண்டும். கடவுச்சொல் கேட்கும் கட்டமோ கடிகார எழுத்தோ நிழல்போல் மங்கலாகத் தெரிந்தால், படம் ஒழுங்காகவே இருக்கிறது. திரைக்குப் பின்னாலிருந்து ஒளி கொடுக்கும் எல்இடி வரிசைதான் எரியவில்லை. அது திரைப் பலகையிலோ, கேபிளிலோ, மதர்போர்டில் அந்த விளக்குக்கு மின்சாரம் தரும் பகுதியிலோ உள்ள பழுது. ஓஎல்இடி திரைகளுக்குப் பின்விளக்கே கிடையாது என்பதால் இந்தச் சோதனை அவற்றுக்குப் பயன்படாது.

எச்டிஎம்ஐ கேபிளால் வீட்டு டிவியை இணைத்துப் பார்ப்பது இன்னும் தெளிவான சோதனை. டிவியில் சரியான உள்ளீட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு லேப்டாப்பை ஆன் செய்து இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். டிவியில் படம் வந்தால் பிராசசர், ரேம், விண்டோஸ் எல்லாம் நலம். பழுது பெரும்பாலும் திரை, அதன் கேபிள், மூடி ஆகிய மூன்றுக்குள் அடங்கிவிடும். திரைக்கு வரும் கேபிள் கீல் வழியாகத்தான் போகிறது. ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடியதில் அது நைந்திருக்கலாம். மூடியை மெதுவாக முன்னும் பின்னும் சாய்க்கும்போது ஏதாவதொரு கோணத்தில் படம் வந்து போனால் கேபிள்தான். புதுத் திரை வாங்க வேண்டியதில்லை. பல டெல் மாடல்களில் D விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே பவர் பட்டனை அழுத்தினால், திரை தன்னைத்தானே சோதித்து வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறங்களை வரிசையாகக் காட்டும். நிறங்கள் சுத்தமாக வந்தால் திரையைக் குறைசொல்ல முடியாது.

பலரும் நினைத்துப் பார்க்காத காரணம் ஒன்று உண்டு, காந்தம். மூடியை மூடியதும் திரை அணைவதற்காக, மூடியின் ஓரத்தில் சிறு காந்தமும் கீழ்ப்பகுதியில் அதை உணரும் கருவியும் வைத்திருப்பார்கள். ஒரு லேப்டாப்பை இன்னொன்றின் மேல் வைத்து வேலை செய்தாலோ, காந்தப் பூட்டுள்ள கைக்கடிகாரப் பட்டையோடு கையை அதன் மேல் வைத்தாலோ, மூடிவிட்டார்கள் என்று நினைத்து லேப்டாப் திரையை அணைத்துவிடும். இடத்தை மாற்றி வைத்தால் போதும்.

டிவியிலும் படம் இல்லை, டார்ச்சிலும் எதுவும் தெரியவில்லை, Caps Lock விளக்கும் அசையவில்லை என்றால், படம் உருவாகும் முன்பே வரிசை நின்றுவிட்டது. இங்கே அடிக்கடி மாட்டிக்கொள்வது ரேம். எடுத்துக்காட்டாக, ஐந்து வருடம் ஓடிய, இரண்டு ரேம் பலகைகள் கொண்ட ஒரு லேப்டாப்பைக் கொள்வோம். பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது. விசிறி சில விநாடி சுற்றி நிற்கிறது, மறுபடி சுற்றுகிறது. பிறகு விளக்கு ஆரஞ்சு நிறத்தில் இரண்டு முறை, வெள்ளையில் மூன்று முறை மின்னி, இதையே திரும்பத் திரும்பச் செய்கிறது. இந்த மின்னல் அர்த்தமில்லாதது அல்ல. திரையில் எழுதிக் காட்ட முடியாத நிலையில் லேப்டாப் விளக்கால் சொல்லும் பிழை எண் அது. பல டெல் மாடல்களில் 2, 3 என்றால் ரேம் தென்படவில்லை. 2, 4 என்றால் ரேம் பழுது. வேறு நிறுவனங்கள் Caps Lock விளக்கை மின்னவைத்தோ பீப் ஒலியாலோ சொல்லும். எண்ணின் பொருளை அந்தந்த மாடலின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் எண் இன்னொன்றுக்குப் பொருந்தாது.

இந்த லேப்டாப்பின் கீழ்மூடியைத் திறக்க, முதலில் சார்ஜரைக் கழற்ற வேண்டும். ஸ்குரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை; நீளமானதைத் தவறான துளையில் முறுக்கினால் மேலே உள்ள பலகையைக் குத்திவிடும். ஒரு தாளில் லேப்டாப்பின் வடிவத்தை வரைந்து, எடுத்த இடத்திலேயே ஒவ்வொன்றையும் வைத்தால் குழப்பம் வராது. மூடியின் விளிம்பை உலோகத்தால் நெம்பாமல், பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுற்றிவர விடுவிக்க வேண்டும். திறந்ததும் முதல் வேலை பேட்டரியின் இணைப்பைக் கழற்றுவது. அதற்குப் பிறகு, கைவிரலிலுள்ள நிலைமின்சாரம் போவதற்காக ஏதாவதொரு பெரிய உலோகப் பொருளைத் தொட்டுவிட்டு, ரேமின் இருபக்கக் கொக்கிகளையும் வெளிப்புறமாக விலக்கினால் பலகை தானாகச் சாய்வாக எழுந்து நிற்கும். அதன் பொன்னிற முனைகள் மங்கியிருந்தால் மென்மையான வெள்ளை அழிப்பானால் லேசாகத் தேய்த்து, தூளை ஊதிவிட வேண்டும். வாயால் ஊதக் கூடாது, எச்சில் ஈரம் படும். சிறு தூரிகை நல்லது.

இப்போது இரண்டையும் போடாமல், ஒரே ஒரு பலகையை முதல் துளையில் சாய்வாகச் செருகி, கொக்கி ‘டக்’ என்று விழும்வரை அழுத்தி, பேட்டரியை இணைத்து ஆன் செய்ய வேண்டும். படம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, மறுபடி மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, அதே துளையில் இரண்டாவது பலகையை மட்டும் வைத்துப் பார்க்க வேண்டும். இதற்குக் கறுப்புத் திரையும் அதே மின்னலும் வந்தால், பழுது துளையில் இல்லை, பலகையில்தான். இரண்டு பலகைகளும் முதல் துளையில் ஓடி, இரண்டாவது துளையில் எதுவும் ஓடவில்லை என்றால், பழுது மதர்போர்டின் துளையில். முதல் வகை ஒரு ரேம் விலையில் முடியும். இரண்டாவது வகையில் ஒரே பலகையோடு ஓட்டிக்கொள்ளலாம். இப்படி மாற்றி மாற்றிப் பார்க்கும்போது அவசரப்படக் கூடாது. ரேமைத் தொட்ட பிறகு வரும் முதல் தொடக்கத்தில், புதிய டிடிஆர்5 லேப்டாப்கள் ரேமோடு பழகிக்கொள்ளச் சில நிமிடம்கூடக் கறுப்புத் திரையோடு காத்திருக்கும். அதற்குள் அணைத்துவிட்டால் நல்ல ரேமும் கெட்டதாகத் தோன்றும். ரேம் மதர்போர்டிலேயே ஒட்டியிருக்கும் மெல்லிய மாடல்களில் இந்த வழி அடைபட்டிருக்கிறது.

மூன்றாவது வகை, நிறுவனத்தின் சின்னம் தெரிந்து, புள்ளிகள் சுற்றி, அதன் பிறகு கறுப்பாகும் திரை. சின்னம் தெரிந்துவிட்டால் திரை, கேபிள், ரேம் எல்லாம் பெரும்பாலும் நலம். கோளாறு விண்டோஸில் அல்லது கிராஃபிக்ஸ் டிரைவரில். Windows + Ctrl + Shift + B நான்கையும் சேர்த்து அழுத்தினால் டிரைவர் மறுபடி தொடங்கும். ஒரு பீப் ஒலி வந்து திரை மின்னினால் கட்டளை போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். டிவியில் இணைத்துப் பார்த்துவிட்டுக் கழற்றிய லேப்டாப், படத்தை இன்னும் டிவிக்கே அனுப்பிக்கொண்டிருக்கலாம். Windows + P அழுத்தி, கண்ணுக்குத் தெரியாமலேயே கீழ் அம்புக்குறியும் Enter விசையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். கறுப்பில் மவுஸ் அம்புக்குறி மட்டும் நகர்ந்தால், Ctrl + Shift + Esc அழுத்தி Task Manager வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் அதில் Run new task என்பதைத் தேர்ந்து, கீழ்க்கண்டதைத் தட்டெழுத வேண்டும்:

```
explorer.exe
```

காணாமல்போன டெஸ்க்டாப் பெரும்பாலும் இதில் திரும்பிவிடும்.

எதற்கும் மசியவில்லை என்றால் சேஃப் மோடு. புள்ளிகள் சுற்றும் நேரத்தில் பவர் பட்டனைப் பத்து விநாடி பிடித்து அணைக்க வேண்டும். இப்படி இரண்டு முறை செய்தால் அடுத்த தொடக்கத்தில் விண்டோஸ் தானே பழுதுபார்க்கும் திரைக்குப் போகும். அங்கே Troubleshoot, Advanced options, Startup Settings, Restart என்று வரிசையாகப் போய், வரும் பட்டியலில் 4 அழுத்தினால் சேஃப் மோடு திறக்கும். இதில் விண்டோஸ் தன் எளிய டிரைவரை மட்டும் பயன்படுத்தும். படம் இங்கே சரியாக வந்தால் குற்றவாளி டிரைவர்தான். Device Manager-இல் Display adapters-ஐத் திறந்து, Driver பக்கத்தில் Roll Back Driver கொடுத்தால் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். இந்த வழியில் பலரைத் திகைக்க வைப்பது ஒரு நீலத் திரை. அது 48 இலக்க மீட்பு எண் கேட்கும். இன்றைய விண்டோஸ் லேப்டாப்கள் பல, உரிமையாளருக்குத் தெரியாமலேயே எஸ்எஸ்டியைப் பூட்டிட்டு வைத்திருப்பதுதான் காரணம். வேறு கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ aka.ms/myrecoverykey என்ற முகவரியில், லேப்டாப்பில் பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் அந்த எண் பெரும்பாலும் கிடைக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் அசையாத லேப்டாப்பில் மிச்சம் இருப்பவை வீட்டில் செய்யக்கூடியவை அல்ல. மதர்போர்டில் கடுகளவு உறுப்பு ஒன்று ஷார்ட் ஆகி எல்லா மின்சாரத்தையும் விழுங்கிக்கொண்டிருக்கலாம், பயாஸ் கெட்டிருக்கலாம், சார்ஜ் செய்யும் பகுதி போயிருக்கலாம். இவற்றைச் சில்லு அளவில் பழுதுபார்ப்பவர்கள் இருக்கிறார்கள். முழு மதர்போர்டை மாற்றச் சொல்லும் முன் அவர்களிடம் கேட்பது நல்லது. கொடுக்கும்போது, எந்த விளக்கு எரிந்தது, எத்தனை முறை மின்னியது, டிவியில் படம் வந்ததா, எந்தச் சார்ஜரால் சோதித்தது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அவர்கள் பாதி வேலையை விட்டு அடுத்ததைத் தொடங்கலாம்.

கழற்றக்கூடிய எம்.2 எஸ்எஸ்டி என்றால் கடைக்குப் போகும் முன் அதை எடுத்து, யுஎஸ்பி உறை ஒன்றில் பொருத்தி, வேறு கம்ப்யூட்டரில் கோப்புகளை நகலெடுத்துக்கொள்ளலாம். பூட்டியிருந்தால் அங்கேயும் அதே 48 இலக்க எண்ணைக் கேட்கும். மதர்போர்டை மாற்றினால் பூட்டின் சாவியை வைத்திருந்த சில்லும் அதோடு போய்விடும் என்பதால், அந்த எண்ணைக் கடைக்குப் போகும் முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எஸ்எஸ்டி மதர்போர்டோடு ஒட்டியிருக்கும் மாடல்களில், லேப்டாப் எழுந்தால்தான் கோப்புகளும் கிடைக்கும். அங்கே கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது பழுதுபார்க்கும் விலையை அல்ல. இருக்கும் மதர்போர்டையே ஒருமுறையாவது ஓடவைத்துக் கோப்புகளை எடுத்துத் தர முடியுமா என்பதை.